ஆரஞ்சா, மஞ்சளா? ப்ளூ ஷாம்புவும் பர்ப்பிள் ஷாம்புவும் யாருக்கு எது, எப்படிப் போடணும்

கலர் பண்ணி ஒரு மாசம், ஒன்றரை மாசம் போனதும் முடி துரு ஏறின மாதிரி ஒரு கலருக்கு வந்துரும், அதைத்தான் பிராஸி ஆயிடுச்சுன்னு சொல்றோம். உடனே எல்லாரும் போய் வாங்குறது பர்ப்பிள் ஷாம்பு, ஏன்னா அந்தப் பேருதான் எல்லாருக்கும் தெரியும். ப்ரவுன் முடியில ஹைலைட்ஸ் போட்டவங்க நிறைய பேர் அதையே மாசக்கணக்குல தேய்ச்சுட்டு ஒண்ணுமே மாறலைன்னு புலம்புவாங்க. ஷாம்பு மேல தப்பில்லைங்க, அவங்க முடியில இருக்கிறது ஆரஞ்சு, கையில இருக்கிறது மஞ்சளை அடக்குற ஷாம்பு.

முதல்ல இது ஏன் வருதுன்னு ரெண்டே வரியில. ப்ளீச் போடும்போது முடியோட கருமை முழுசா போறதில்லை, கருப்பு குறையக் குறைய முதல்ல சிவப்பு, அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள்னு ஒவ்வொண்ணா வெளிய வரும். சலூன்ல அது மேல டோனர்ங்கற லேசான சாயம் போட்டு மறைச்சு அனுப்புவாங்க, தலைக்குக் குளிக்கக் குளிக்க, வெயில் பட, அயர்ன் பண்ணப் பண்ண அந்த டோனர் கரைஞ்சு அடியில இருந்தது எட்டிப் பார்க்கும். கலர்களை வட்டமா அடுக்கின கலர் வீல்ல ஆரஞ்சுக்கு நேர் எதிர்ல ப்ளூ, மஞ்சளுக்கு நேர் எதிர்ல பர்ப்பிள், எதிரும் எதிரும் சேர்ந்தா ரெண்டும் அடங்கிரும். இந்த ஷாம்புவுல இருக்கிறது அந்தச் சாயம் கொஞ்சம், அவ்வளவுதான், அது முடியை வெளுக்க வைக்காது.

ஸ்டெப் 1: முடியைப் பாருங்க

இதைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க, ஆனா பாதி வேலை இங்கதான் இருக்கு. எண்ணெய் இல்லாத, நல்லா காஞ்ச முடியோட பகல் நேரத்துல ஜன்னல் பக்கத்துல நில்லுங்க, பாத்ரூம் பல்பு வெளிச்சத்துல எல்லாமே மஞ்சளாத்தான் தெரியும், அதை நம்பாதீங்க. ஒரு கொத்து முடியை எடுத்து அடியில வெள்ளைப் பேப்பர் வெச்சு வேர்ப்பக்கம், நடு, நுனின்னு தனித்தனியா பாருங்க.

செம்புக் கலர் அடிக்குதுன்னா ஆரஞ்சு, ப்ளூ வேணும். முடி எவ்வளவு வெளிர்னு சொல்ற சலூன் கணக்குல இது லெவல் 5ல இருந்து 7 வரைக்கும், அதாவது ப்ரவுன்ல இருந்து டார்க் ப்ளாண்ட் வரைக்கும். வாழைப்பழத் தோலோட உள்பக்கம் மாதிரி வெளிர் மஞ்சளா இருந்தா லெவல் 9, 10, அதுக்குப் பர்ப்பிள். ரெண்டுக்கும் நடுவுல ஆரஞ்சா மஞ்சளான்னே சொல்ல முடியலைன்னா ரெண்டையும் சரிபாதி கலந்து போடலாம். நீங்க ப்ரவுனா ப்ளாண்டாங்கறதை விட இப்ப கண்ணுக்குத் தெரியுற கலர் என்னங்கறதுதான் கணக்கு.

ஸ்டெப் 2: ஒரு கொத்துல டெஸ்ட்

காதுக்குப் பின்னாடி உள்ள முடியில கொஞ்சமா ஈரமாக்கி, ஷாம்பு தேய்ச்சு, 2 நிமிஷம் விட்டு அலசி நல்லா காய வெச்சுப் பாருங்க. ஈரத்துல எல்லா முடியும் ஒரு ஷேட் டார்க்காத்தான் தெரியும், அதனால காஞ்சதுக்கு அப்புறம்தான் முடிவு பண்ணணும்.

ஸ்டெப் 3: போடுற முறை

முதல்ல சாதாரண ஷாம்புவால ஒரு தடவை அலசிருங்க, எண்ணெயும் ஹேர் சீரமும் இருந்தா சாயம் திட்டுத்திட்டா பிடிக்கும். அப்புறம் தண்ணி சொட்டாத அளவுக்கு டவல்ல ஒத்தி எடுங்க. கையில கிளவுஸ் போட்டுக்கங்க, இல்லைன்னா நகக்கண்ணுல ப்ளூ ஏறி ரெண்டு நாளைக்கு இருக்கும், பழைய டவலா எடுத்துக்கங்க.

தலையில கொட்டித் தேய்க்காதீங்க. எங்க பிராஸியோ அங்க முதல்ல, நுனிக்குக் கடைசில. நுனி முடி பழசு, ப்ளீச்சையும் சூட்டையும் நிறைய பார்த்தது, அதனால சாயத்தை வேகமா உறிஞ்சிக்கும். முதல் தடவை போடுறவங்க டோனிங் ஷாம்பு, அதாவது இந்த ப்ளூவையோ பர்ப்பிளையோ, சாதாரண ஷாம்புவோட பாதிக்குப் பாதி கலந்து ஆரம்பிக்கிறது நல்லது.

நேரம் 2ல இருந்து 3 நிமிஷம், பழகினதுக்கு அப்புறம் அதிகபட்சம் 5. பாட்டில்ல இதை விடக் கம்மியா போட்டிருந்தா அதையே கேளுங்க. நுரை என்ன கலர்ல இருக்குன்னு பார்த்து ஏமாறாதீங்க, ஒரு இழையை ஈர டிஷ்யூவால துடைச்சுப் பார்த்தா அடியில எவ்வளவு பிடிச்சிருக்குன்னு ஓரளவு தெரிஞ்சிரும். போதும்னு தோணினா உடனே அலசிட்டு கண்டிஷனர் போடுங்க, இந்த மாதிரி ஷாம்பு பலதும் முடியை வறட்டும்.

ரெண்டும் கலந்த முடிக்கு எப்படி?

என் தோழி ஒருத்திக்கு டார்க் ப்ரவுன்ல பேலயாஜ், அதாவது நுனிக்குப் போகப் போக வெளிர் ஆகுற மாதிரி கையால ப்ளீச் பூசினது, நடுவுல நல்ல செம்புக் கலர், நுனியில வெளிர் மஞ்சள். இந்த மாதிரி தலைக்கு ஒரே பாட்டில் சரிவராது. நடுப்பகுதியில மட்டும் ப்ளூ தேய்ச்சு நுனியைத் தொடாம கிளிப் போட்டுத் தூக்கி வெச்சோம், ரெண்டு நிமிஷம் கழிச்சு நுனியில பர்ப்பிள் போட்டு இன்னும் ஒரு நிமிஷம் விட்டு, மொத்தமா தலையைப் பின்னாடி சாய்ச்சு அலசினோம். அலசும்போது ப்ளூ தண்ணி நுனி வழியா ஓடத்தான் செய்யும், நிறைய தண்ணி விட்டு வேகமா அலசிட்டா பிடிக்காது. காஞ்சதும் நடுப்பகுதி செம்புல இருந்து சாதா ப்ரவுனுக்கு வந்துச்சு, நுனி பீஜ் ஆச்சு. வேருக்கு ஒண்ணுமே போடலை, ப்ளீச் படாத முடியில போட்டும் கண்ணுக்குத் தெரியப் போறதில்லை.

சொதப்பினா எப்படித் தெரியும்

வெளிர் மஞ்சள் முடியில ப்ளூ போட்டா பச்சை அடிக்கும், ப்ளூவும் மஞ்சளும் சேர்ந்தா பச்சைதானே. பர்ப்பிளை ரொம்ப நேரம் விட்டா நுனி லாவெண்டர் ஆகும், இல்லைன்னா சாம்பல் பூத்த மாதிரி டல்லடிக்கும். பயப்படாதீங்க, சாயம் மேலாப்புலதான் இருக்கும், படிஞ்சதை நல்லா கழுவி எடுக்கிற கிளாரிஃபையிங் ஷாம்புவால ஒண்ணு ரெண்டு தடவை அலசினா பெரும்பாலும் இறங்கிரும். பச்சையை அடக்குறேன்னு அது மேல இன்னொரு கலர் ஷாம்பு மட்டும் போட்டுடாதீங்க, சேறு மாதிரி ஆயிரும்.

சரியான கலரைப் போட்டும் அசையலைன்னா ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, உங்க முடியில இருக்கிறது ஆரஞ்சு இல்லாம சிவப்பா இருக்கலாம், அதுக்கு எதிர் கலர் பச்சை, அதுக்குன்னே க்ரீன் ஷாம்பு தனியா இருக்கு. இன்னொண்ணு தண்ணி. உப்புத்தண்ணியில உள்ள இரும்பும் மத்த தாதுக்களும் முடியில படிஞ்சா டோனிங் ஷாம்பு அது மேல பூசுற வேலையைத்தான் பண்ணும், முதல்ல கீலேட்டிங் ஷாம்புவால அந்தப் படிவை எடுத்துட்டு அடுத்த குளியல்ல போடுங்க.

எத்தனை நாளைக்கு ஒரு தடவைன்னு கேட்டா, வாரத்துக்கு ஒண்ணு போதும், மத்த நாள் சல்ஃபேட் இல்லாத சாதாரண ஷாம்பு. மறுபடி செம்போ மஞ்சளோ எட்டிப் பார்க்கலைன்னா அந்த வாரம் விட்டுடுங்க. பட்டை பட்டையா பளீர் ஆரஞ்சா நிக்குற முடிக்கு இது எந்தக் கலர் பாட்டிலா இருந்தாலும் பத்தாது, அது சலூன்ல டோனர் போட்டு எடுக்க வேண்டிய வேலை.