நாற்காலியில் கை போட்டுத் தூங்கியதும் தொங்கிப்போன மணிக்கட்டும்

நாற்காலியின் முதுகுச் சட்டத்தின் மேல் வலக்கையைப் போட்டபடி தூங்கி எழுந்தபோது என் மணிக்கட்டு தொங்கிக் கிடந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட புறங்கைத் தோல் மரத்திருந்தது. பக்கவாதமாக இருக்குமோ என்ற அச்சத்தில் உடனே மருத்துவமனைக்குச் சென்றேன். முகக் கோணலோ பேச்சுக் குழறலோ சேர்ந்திருந்தால் யாரும் ஒரு நொடிகூடத் தாமதிக்கக் கூடாது.

முழங்கையை என்னால் வலுவாக நீட்ட முடிந்ததையும், உள்ளங்கையிலும் சுண்டுவிரலிலும் உணர்ச்சி குறையாததையும் சோதித்த மருத்துவர், மேல்கை எலும்பைச் சுற்றி இறங்கி, மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் தசைகளை இயக்கும் ரேடியல் நரம்பு அழுந்தியிருப்பதாகச் சொன்னார். முழங்கையை நீட்டும் தசைக்கான கிளைகள் அந்த இடத்துக்கு மேலேயே பிரிந்துவிடுவதால் அத்தசை தப்பிவிடுகிறதாம். பிடியும் தளர்ந்திருந்ததுதான் எனக்குக் கவலையாக இருந்தது. ஆனால் அவர் என் மணிக்கட்டைத் தாங்கி நிமிர்த்தியதும் அவருடைய விரல்களை நன்றாகவே இறுக்க முடிந்தது.

மணிக்கட்டைச் சற்று நிமிர்த்தி வைக்கும் ஸ்பிளிண்ட் ஒன்றை அணிந்தேன். அதைக் கழற்றும்போதெல்லாம், மூட்டுகள் இறுகிவிடாதபடி மணிக்கட்டையும் விரல்களையும் இடக்கையால் மெல்ல நிமிர்த்தினேன். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது என்பதால் ஒத்தடத்தைத் தவிர்த்தேன். மாத்திரையைவிட இவையே உதவின என்பது என் கணிப்பு.

முதலில் மணிக்கட்டு சிறிது அசைந்தது. பிறகு விரல்கள் நிமிர்ந்தன. கட்டைவிரல் கடைசியாகத்தான் தேறியது. இத்தகைய அழுத்தம் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். முன்னேற்றமே தெரியாவிட்டால், நரம்பு மின் சைகைகளை எவ்வளவு நன்றாகக் கடத்துகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை தேவைப்படும். அதை நரம்பு அழுந்திச் சுமார் 3 வாரம் கழித்துச் செய்தால்தான் சேதத்தின் அளவு தெளிவாகத் தெரியும்.