முதல் வரி 0:00 இல்லாததால் வந்த வினை

ரவிக்கை தைப்பது குறித்து முப்பத்தெட்டு நிமிடக் காணொளி ஒன்றை யூடியூபில் ஏற்றியபோது, எழுதி வைத்திருந்த உரையின் பத்திகளையே அத்தியாயங்களாக்கி, ஒவ்வொன்றின் நேரத்தையும் விளக்கக் குறிப்பில் இட்டேன். நேரங்கள் சொடுக்கக்கூடியவையாக மாறினவே தவிர, ஓடுபட்டை துண்டுகளாகப் பிரியவில்லை.

காரணம் எளியது: வணக்கம் சொல்லும் பகுதியைத் தவிர்க்க எண்ணி, பட்டியலை 0:20-இல் தொடங்கியிருந்தேன். முதல் வரி 0:00 ஆக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று நேரங்கள் ஏறுவரிசையில் வர வேண்டும். எந்த அத்தியாயமும் பத்து விநாடிக்குக் குறையக் கூடாது.

அதைத் திருத்திய பிறகும், கைக்குழி வெட்டும் இடத்தைச் சொடுக்கினால் அளவு நாடாவே வந்து நின்றது. உரையை வாசித்துக் கணித்த நேரங்கள், துணியை மடித்துக் காட்டிய மௌன நிமிடங்களைக் கணக்கில் கொள்ளவில்லை. ஆகவே இறுதித் தொகுப்பை ஓட்டிப் பார்த்து, பேச்சு தொடங்குவதற்கு ஓரிரு விநாடி முன்பாகக் குறித்தேன். ‘இரண்டாம் பகுதி’ போன்ற தலைப்புகளையும், தேடி வருபவர் கேட்கும் சொற்களாகவே மாற்றினேன்.

```
0:00 தேவையான துணி அளவு
4:10 உடல் அளவு எடுத்தல்
13:35 கைக்குழி வெட்டுதல்
21:50 கழுத்துக்குப் பட்டி வைத்தல்
```

தலைப்பின் முக்கியச் சொல்லை முன்னால் வைத்தேன். கைப்பேசியில் நீண்ட தலைப்பின் வால் தெரிவதில்லை.