80சி: ரசீதில் உள்ள தொகையெல்லாம் கழிவாகாது

ஜனவரி பிறந்ததும் சம்பளப் பிரிவிலிருந்து மெயில் வரும்: முதலீட்டு ஆதாரங்களை இன்ன தேதிக்குள் கொடுங்கள் என்று. எல்ஐசி ரசீது, பள்ளிக் கட்டண ரசீது, பிஎஃப் விவரம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டு, கூட்டுத்தொகை வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவு தரும் கழிவின் உச்சவரம்பான 1,50,000 ரூபாயைத் தாண்டிவிட்டதா என்று மட்டும் பார்ப்போம். தாண்டிவிட்டால் நிம்மதி. தவறு ஆரம்பிப்பது அந்த நிம்மதியில்தான். ரசீதில் இருக்கும் தொகை ஒன்று, அதில் சட்டம் ஏற்கும் தொகை வேறொன்று.

அதற்கு முன்பாக ஒரு விஷயம். 80சி கழிவு பழைய வரிமுறையில் மட்டுமே உண்டு. 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய முறைதான் இயல்பு முறை. பழையது வேண்டும் என்று நீங்களாகச் சொல்லாவிட்டால் எத்தனை ரசீது கொடுத்தாலும் பயனில்லை. 2025-26 முதல் புதிய முறையில் ஆண்டுச் சம்பளம் 12,75,000 வரை வரியே கிடையாது. வேறு வருமானம் இல்லாமல் அந்த வரம்புக்குள் இருக்கும் சம்பளக்காரர் இந்த ரசீதுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. அதற்கு மேல் சம்பளம் இருந்து, வாடகைப்படி விலக்கு போன்ற பெரிய கழிவுகளும் இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு.

அப்படி ஒருவரை எடுத்துக்கொள்வோம். சென்னையில் வாடகை வீடு, ஆண்டுச் சம்பளம் 16,00,000. வாடகைப்படி விலக்கும் மருத்துவக் காப்பீட்டுக் கழிவும் சேர்ந்து 4,30,000. 80சி-க்காக அவர் அலுவலகத்தில் காட்டியது இது: பிஎஃப் 43,200, ஆயுள் காப்பீடு 74,000, மூத்த பிள்ளையின் பள்ளிக் கட்டணம் 95,000. மொத்தம் 2,12,200. உச்சவரம்பு 1,50,000தானே, அதற்கு மேலேயே இருக்கிறது, ஒன்றிரண்டு அடிபட்டாலும் பரவாயில்லை என்பது அவர் நினைப்பு. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

பிஎஃப்பில் இருந்து தொடங்குவோம். இவருடைய நிறுவனம், பல நிறுவனங்களைப் போல, 15,000 ரூபாய்க்கு மட்டும் 12 சதவீதம் பிடிக்கிறது. மாதம் 1,800, ஆண்டுக்கு 21,600. இன்னொரு 1,800 நிறுவனத்தின் பங்கு. சம்பள ஒப்பந்தத்தில் இரண்டும் 'உங்கள் செலவு' என்றே காட்டப்படுவதால் இரண்டையும் கூட்டி 43,200 என்று எழுதிவிட்டார். 80சி-யில் வருவது ஊழியர் சம்பளத்திலிருந்து பிடித்தது மட்டுமே. நிறுவனத்தின் பங்கு அவருடைய வருமானத்தில் சேர்க்கப்படவே இல்லை, சேராததைக் கழிக்க முடியாது. பாஸ்புக்கைத் திறந்தால் இது தெளிவாகத் தெரியும்: ஊழியர் பங்கு 1,800, நிறுவனப் பங்கு 550, ஓய்வூதியத்துக்கு 1,250 என்று மூன்று பத்திகள். முதல் பத்தி மட்டும்தான் நமக்கு. விருப்பத்தின் பேரில் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லியிருந்தால் அதுவும் ஊழியர் பங்கில் சேரும். பிஎஃப்பிலிருந்து எடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கட்டினால் அது சேராது.

பிஎஃப்புக்குத் தனியாக ஆதாரம் கொடுக்கத் தேவையில்லை. பிடித்தது நிறுவனமே, நிறுவனம் தரும் வரிப்பிடித்தச் சான்றான படிவம் 16-இல் தொகை தானாக வந்துவிடும். சிக்கல் வருவது ஆண்டின் நடுவில் வேலை மாறியவர்களுக்கு. பழைய இடத்தில் வாங்கிய சம்பளத்தையும் பிடித்த பிஎஃப்பையும் வரியையும் படிவம் 12பி-யில் புதிய நிறுவனத்துக்குச் சொல்லாவிட்டால், இரண்டு நிறுவனங்களும் தனித்தனியாக 80சி கொடுத்துவிடும். ஜூலையில் இரண்டு படிவம் 16-ஐயும் கூட்டும்போதுதான் வரி பாக்கி நிற்பது தெரியும். பிபிஎஃப் வைத்திருப்பவர்கள் பெயர், கணக்கு எண், பணம் போட்ட தேதி மூன்றும் தெரியும் பக்கத்தைக் கொடுக்க வேண்டும். அது தன் பெயரிலோ, கணவன் அல்லது மனைவி பெயரிலோ, பிள்ளை பெயரிலோ இருக்கலாம். அப்பா அம்மா பெயரில் உள்ள கணக்கில் போட்டது சேராது.

அடுத்து காப்பீடு. 74,000-இல் 14,000 அப்பாவின் பாலிசிக்குக் கட்டியது. பணம் மகனுடையது, பாலிசி அப்பாவுடையது. ஆயுள் காப்பீட்டில் தான், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் என்ற வட்டத்துக்கு வெளியே கழிவு இல்லை. பிள்ளைக்குக் கல்யாணமாகியிருந்தாலும் பரவாயில்லை, பெற்றோர் மட்டும் கூடாது. பெற்றோருக்குக் கட்டும் மருத்துவக் காப்பீட்டுக்குக் கழிவு உண்டு என்பதால் இந்தக் குழப்பம். அது 80டி, வேறு பிரிவு, வேறு வரம்பு. அதை ரொக்கமாகக் கட்டினால் கழிவு கிடைக்காது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கலாம்.

மீதி 60,000 அவருடைய சொந்தப் பாலிசி, காப்பீட்டுத் தொகை 5,00,000. இங்கேதான் பலர் பார்க்கவே பார்க்காத ஒரு விதி இருக்கிறது. 2012 ஏப்ரல் 1 முதல் எடுத்த பாலிசிகளில், ஆண்டு பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 10 சதவீதம் வரைதான் கழிவாகும். அதற்கு முன் எடுத்தவற்றுக்கு 20 சதவீதம். ஊனமுற்றவர், சட்டம் குறிப்பிடும் சில கடும் நோய் உள்ளவர் ஆகியோரின் பெயரில் 2013 ஏப்ரலுக்குப் பின் எடுத்ததற்கு 15. ஆகவே இவருக்கு 50,000தான், 10,000 வெட்டு. அதைவிடப் பெரிய இடி வேறு: பிரீமியம் 10 சதவீதத்தைத் தாண்டும் பாலிசிக்கு, முதிர்வின்போது வரும் பணத்துக்கும் வரிவிலக்கு போய்விடும், இறப்பில் வரும் தொகையைத் தவிர. ஏஜென்ட் தரும் விளக்கத்தாளில் இது பெரிய எழுத்தில் இருக்காது.

அதனால் காப்பீட்டுக்கு இரண்டு காகிதம் வேண்டும். ஒன்று, அந்த நிதியாண்டில் கட்டிய பிரீமியத்துக்கான சான்று. காப்பீட்டு நிறுவனத்தின் தளத்தில் ஆண்டு முழுவதற்கும் சேர்த்து ஒரே தாளாக எடுக்கலாம். இன்னொன்று, பாலிசிப் பத்திரத்தில் ஆரம்பத் தேதியும் காப்பீட்டுத் தொகையும் இருக்கும் பக்கம். வங்கியில் பணம் போன வரி மட்டும் போதாது, அது யாருடைய பாலிசி என்பதைச் சொல்லாது. தாமதத்துக்கான வட்டி, அபராதம் இருந்தால் கழித்துவிட்டு எழுத வேண்டும். தேதியும் முக்கியம்: மார்ச் 28-இல் கட்ட வேண்டியதைச் சலுகை நாட்களைப் பயன்படுத்தி ஏப்ரல் 5-இல் கட்டினால், கழிவு அடுத்த ஆண்டுக்குப் போகிறது. நிலுவைத் தேதி எதுவானாலும் கட்டிய தேதிதான் கணக்கு. இரண்டு ஆண்டு பிரீமியம் கட்டுவதற்குள் பாலிசியைக் கைவிட்டால், முன்பு எடுத்த கழிவு கைவிட்ட ஆண்டின் வருமானமாகத் திரும்பி வரும். சந்தை முதலீட்டோடு சேர்ந்த யூலிப் பாலிசி என்றால் ஐந்து ஆண்டு. வரிக்காக மார்ச்சில் அவசரமாகப் பாலிசி எடுப்பவர்களில் பலர் மாட்டுவது இதில்தான்.

பள்ளிக் கட்டணம். 95,000 ரசீதைப் பிரித்தால்: கற்பித்தல் கட்டணம் 56,000, பேருந்து 20,000, புத்தகமும் சீருடையும் 12,000, வளர்ச்சி நிதி 7,000. கழிவாவது 56,000 மட்டும். வளர்ச்சிக் கட்டணம், நன்கொடை ஆகியவற்றைச் சட்டமே பெயர் சொல்லி விலக்குகிறது. பேருந்து, விடுதி, சாப்பாடு, புத்தகம் எதுவும் கற்பித்தலுக்கான கட்டணம் அல்ல. இந்தியாவில் உள்ள பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகத்தில் முழுநேரப் படிப்பாக இருக்க வேண்டும். எல்கேஜியும் ப்ளே ஸ்கூலும் சேரும். நீட் பயிற்சி மையமும் மாலை டியூஷனும் சேராது. மனைவியின் எம்பிஏ, தம்பியின் இன்ஜினியரிங் கட்டணமும் சேராது, பிள்ளைகளுக்கு மட்டும்தான்.

பல பள்ளிகள் 'பருவக் கட்டணம் 32,000' என்று ஒரே வரியில் ரசீது தருகின்றன. அந்த ரசீதை அப்படியே கொடுத்தால் சம்பளப் பிரிவு திருப்பி அனுப்பும், அல்லது அனுப்பாமல் ஏற்றுக்கொள்ளும். இரண்டாவதுதான் ஆபத்து. பள்ளி அலுவலகத்தில் கேட்டால், பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், கட்டிய தேதிகள், கற்பித்தல் கட்டணம் மட்டும் எவ்வளவு என்று பிரித்த சான்றிதழ் தருவார்கள். கேட்பதற்கு நல்ல நேரம் டிசம்பர். பிப்ரவரியில் எல்லாப் பெற்றோரும் வரிசையில் நிற்பார்கள். கல்வியாண்டு ஜூனில் தொடங்கினாலும் வரிக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை கட்டியதுதான் கணக்கு. அடுத்த வகுப்புக்கான பணத்தை இந்த மார்ச்சிலேயே கட்டியிருந்தால் அது இந்த ஆண்டுக் கழிவு.

பள்ளிக் கட்டணக் கழிவு ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள் வரைதான். இந்த வரம்பு ஒவ்வொரு பெற்றோருக்கும் தனி. ஆனால் ஒரே ரூபாயை இருவரும் காட்ட முடியாது. யார் கணக்கிலிருந்து போனதோ அவருக்கே கழிவு.

இப்போது கூட்டிப் பார்த்தால் 21,600, 50,000, 56,000. மொத்தம் 1,27,600. இரண்டு லட்சத்துக்கு மேல் காட்டியவருக்கு வரம்பை எட்டவே 22,400 குறைகிறது.

தொழில் வரியை விட்டுவிட்டு வரியைப் போட்டால், முழு 1,50,000 கழிவோடு பழைய முறையில் 1,10,760. புதிய முறையில் 1,13,100. அதனால்தான் அவர் பழையதைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் உண்மையான 1,27,600 கழிவோடு பழைய முறையில் 1,15,419 வருகிறது. அதாவது அவர் தேர்ந்தெடுத்த முறையே தவறு, தவறான கூட்டல் அதை மறைத்திருக்கிறது. இன்னொரு சங்கதி, இளைய பிள்ளையின் கற்பித்தல் கட்டணம் 38,000-ஐ மனைவி தன் கணக்கிலிருந்து கட்டியிருக்கிறார். அவர் புதிய முறையில் இருப்பதால் அவருக்கு அது பயன்படவில்லை. அதே பணத்தைக் கணவர் கட்டியிருந்தால் வரம்பு நேர்மையாகவே நிரம்பியிருக்கும், பழைய முறையும் லாபமாகவே இருந்திருக்கும்.

அலுவலகம் ஏற்றுக்கொண்டது என்பதால் விஷயம் முடிந்துவிடாது. இந்த ஆதாரங்களோடு கொடுக்கும் படிவம் 12பிபி-யில் கையெழுத்துப் போட்டு உறுதி சொல்வது ஊழியர். தவறான தகவல் கொடுத்து வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் அந்த வரியில் 200 சதவீதம் வரை அபராதம் போடப் பிரிவு 270ஏ-யில் இடமிருக்கிறது. 2025 ஜூலையில் வருமான வரித் துறை பொய்க் கழிவுகளைத் தேடி நாடு முழுவதும் சோதனை நடத்தியபோது சிக்கியவர்களில் கணக்கு எழுதித் தரும் இடைத்தரகர்களும் இருந்தார்கள். அந்த ஆண்டிலிருந்து, நாம் தாக்கல் செய்யும் வருமான வரிக் கணக்கான ஐடிஆர் படிவத்தில் 80சி-க்கு மொத்தத் தொகை மட்டும் போட்டால் போதாது, பாலிசி எண் அல்லது ஆவண எண்ணையும் ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. சரியான ரசீது இருந்தும் ஜனவரிக் கெடுவைத் தவறவிட்டவர்கள், கழிவு போய்விட்டது என்று விட்டுவிடுகிறார்கள். போகவில்லை. பிடித்த வரியை ஐடிஆர் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். காகிதம் எதையும் இணைக்க வேண்டாம், கேட்டால் காட்டக் கையில் இருந்தால் போதும். ஆனால் பழைய முறையைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். சம்பளக்காரர்களுக்கு அது பொதுவாக ஜூலை 31. ஒரு நாள் தாண்டினாலும் புதிய முறைதான், 80சி அங்கே இல்லை.

2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதால் 80சி என்ற பெயர் 123-ஆம் பிரிவாகிவிட்டது. மேலே உள்ள மற்றப் பிரிவு, படிவ எண்களும் பழைய சட்டத்துடையவை. வரம்பு அதே 1,50,000.