எம்.ஆர்.பி., தள்ளுபடி, ஜிஎஸ்டி: லிஸ்டிங்கில் விலையை ஒளிவுமறைவில்லாமல் காட்டுவது எப்படி?

ஒரு லிட்டர் செக்கு நல்லெண்ணெயை ஆன்லைனில் விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாட்டிலில் அச்சிட்ட எம்.ஆர்.பி. 450 ரூபாய், நீங்கள் விற்கும் விலை 399, டெலிவரிக்கு 50.

முதலில் பாட்டிலைக் கையில் எடுத்து, லேபிளைப் பார்த்தே எம்.ஆர்.பி.யைப் பதியுங்கள். கோடு போட்டு அடித்துக் காட்டும் விலை அதுவாகத்தான் இருக்க வேண்டும். நீங்களே ஆட்டி, நீங்களே பாட்டிலில் அடைப்பவராக இருந்தால் எம்.ஆர்.பி.யை முடிவு செய்வதும் நீங்கள்தான். அதற்காக 800 என்று அச்சிட்டு, எந்நாளும் 399-க்கே விற்று, 'பாதி விலை' என்று போடாதீர்கள். யாருமே கொடுக்காத விலையிலிருந்து கழிப்பது தள்ளுபடி ஆகாது.

அடுத்து தள்ளுபடி. 450-ல் 51 ரூபாய் குறைகிறது, அதாவது 11.33 சதவீதம். '11% தள்ளுபடி' என்று கீழ்நோக்கி முழுமையாக்குங்கள். 12 என்று போட்டால் பொய்.

வரியில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். எம்.ஆர்.பி. எல்லா வரிகளும் சேர்ந்த விலை. 450-க்கு மேல் ஜிஎஸ்டி சேர்த்து வாங்குவது சட்டப்படியே தவறு. 399 என்று காட்டிவிட்டு, பணம் கட்டும் பக்கத்தில் 5% சேர்த்து 418.95 கேட்பதும் ஏமாற்றுதான், அது எம்.ஆர்.பி.க்குள் அடங்கினாலும். வரி 399-க்குள்ளேயே இருக்கட்டும். அதைப் பிரித்துப் பார்க்க:

```
வரி = விலை × விகிதம் ÷ (100 + விகிதம்)
399 × 5 ÷ 105 = 19
```

பொருளின் விலை 380, வரி 19. பலர் 399-க்கு நேராக 5% போட்டு 19.95 என்று எழுதிவிடுகிறார்கள். 380-க்கு 5% போட்டுப் பார்த்தால் தவறு தெரிந்துவிடும். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் பில்லில் வரி என்று எதையும் காட்டக் கூடாது.

அப்புறம் டெலிவரி. 399 + 50 = 449. வாங்குபவருக்கு உண்மையில் மிச்சமாவது ஒரே ஒரு ரூபாய்! அதனால்தான் இந்த 50-ஐ முதல் பக்கத்திலேயே சொல்ல வேண்டும் என்கிறேன். மொத்த விலையை ஒரே எண்ணாகவும், அதில் அடங்கிய கட்டணங்களைப் பிரித்தும் காட்ட வேண்டும் என்று 2020-ன் மின்வணிக விதிகளே சொல்கின்றன. கடைசிப் பக்கத்தில் கட்டணத்தை நுழைப்பதை, 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன.

லிஸ்டிங் இப்படி இருக்கலாம்:

```
எம்.ஆர்.பி. ₹450 (எல்லா வரிகளும் உட்பட)
விலை ₹399 (11% தள்ளுபடி, ஜிஎஸ்டி ₹19 உட்பட)
டெலிவரி ₹50
மொத்தம் ₹449
```

புதிய சரக்கு வரும்போதெல்லாம் லேபிளை மறுபடி பாருங்கள். புது பாட்டிலில் 420 என்று இருந்து, லிஸ்டிங்கில் பழைய 450 நின்றால், '11%' என்பது உண்மையில் 5 சதவீதம்தான். பெட்டியைப் பிரித்ததும் வாங்கியவர் கண்ணில் படுவது அந்த 420. இரண்டு விலையிலும் சரக்கு கையில் இருந்தால், பழையது தீரும்வரை தனித்தனி லிஸ்டிங் போடுங்கள்.