உரைநடை என்றால் வேலைக்காரன், செய்யுள் என்றால் ராஜாவா?

நாகர்கோவிலில் கல்லூரி மாணவர்களுக்கு மாலை வேளையில் ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுக்கிறேன். ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தில், மேக்பெத்தின் மனைவியான ராணி தூக்கத்தில் நடந்தபடி பேசும் ஐந்தாம் அங்கம் முதல் காட்சி வரும்போதெல்லாம் ஒரே பதிலைத்தான் எழுதிவருகிறார்கள்: "ராணி உரைநடையில் பேசுகிறாள், ஆகவே அவளுடைய அந்தஸ்து போய்விட்டது." இதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் திருத்துவது கஷ்டமாக இருக்கிறது.

முதலில், எது செய்யுள் என்று கண்டுகொள்வதிலேயே தவறு நடக்கிறது. எதுகையும் மோனையும் கேட்டுப் பழகிய காது நமக்கு. நாஞ்சில் நாட்டுக்காக மூளும் போரைச் சொல்லும் மனோன்மணீயம் (1891) செய்யுள் நாடகம் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தில் ஷேக்ஸ்பியரிலும் வரியின் முடிவில் ஒலி ஒத்துப்போகிறதா என்று தேடுகிறார்கள். ஆனால் அவருடைய செய்யுளில் பெரும்பகுதிக்கு இயைபு கிடையாது. "ஸோ ஃபவுல் அண்ட் ஃபேர் அ டே ஐ ஹாவ் நாட் ஸீன்" என்று மேக்பெத் மேடைக்கு வந்ததும் சொல்லும் வரியை விரலால் தட்டிப் பாருங்கள். மெல்லசை ஒன்று, அழுத்தசை ஒன்று என ஐந்து இணைகள், மொத்தம் பத்து அசை. இந்த ஓட்டம்தான் அடையாளம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தூக்கத்தில் நடக்கும் ராணி ஃபைஃப் பிரபுவுக்கு ஒரு மனைவி இருந்தாள் என்ற பொருளில் "தேன் ஆஃப் ஃபைஃப் ஹாட் அ ஒய்ஃப்" என்கிறாள். ஃபைஃப், ஒய்ஃப் என்று ஒலி ஒத்துவருகிறது. ஆனாலும் அந்தப் பேச்சு உரைநடைதான். தாலாட்டின் துண்டு ஒன்று கனவில் மிதந்து வந்ததுபோல் இருக்கிறதே தவிர, அடுத்த வரியில் அந்த ஓட்டம் தொடரவில்லை.

சரி, அந்தஸ்து விஷயத்துக்கு வருவோம். இரண்டாம் அங்கத்தில் குடிபோதையில் கதவு திறக்க வருகிற வாயில்காவலன் உரைநடையில் பேசுகிறான். அதை வைத்து, உயர்ந்தவருக்குச் செய்யுள், வேலைக்காரருக்கு உரைநடை என்று விதி போட்டுவிடுகிறோம். ஆனால் அவனோடு பேசும் மக்டஃப் பிரபு, அவன் குடியைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசும்போது தானும் உரைநடைக்கு வந்துவிடுகிறார். மேக்பெத் உள்ளே வந்ததும் பேச்சு செய்யுளாகிவிடுகிறது. மூன்றாம் அங்கத்திலோ, கூலிக்குக் கொலை செய்ய வந்தவர்கள் அரசனிடம் செய்யுளில் பதில் சொல்கிறார்கள். ஆக, பேசுகிறவரின் தகுதியை மட்டும் பார்த்தால் போதாது. யாரிடம், எந்தப் பொழுதில், என்ன மனநிலையில் பேசுகிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

'பைத்தியம் பிடித்தால் உரைநடை' என்பதும் பாதி விதிதான். விருந்தில், தான் ஆள்வைத்துக் கொன்ற நண்பன் பாங்க்வோவின் ஆவியைக் கண்டு அலறும் மேக்பெத் செய்யுளை விடவில்லை. ராணியின் நிலை வேறு. முன்பு அவள் கணவனுக்கு ஆறுதலாக "நடந்தது நடந்ததுதான்" என்று செய்யுளில் உறுதியாகச் சொன்னவள். இப்போது அதே எண்ணம் "நடந்ததை மாற்ற முடியாது" என்று திரும்பி வருகிறது. நடுவில் ரத்தக்கறை, மணி அடிக்கும் ஓசை, கையின் நாற்றம், படுக்கைக்கு வா என்ற அழைப்பு எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டாமல் விழுகின்றன. பழைய இரவுகளின் சொற்கள் வருகின்றன, அவற்றைக் கோத்துப் பிடித்த சந்தம் வரவில்லை. விடைத்தாளில் அந்தஸ்து பற்றி எழுதும் இடத்தில் இந்தச் சிதறலைத்தான் காட்ட வேண்டும்.

அந்தஸ்து விதி நிற்காது என்பதற்குச் சாட்சி அதே காட்சியில் இருக்கிறது. அதை யாரும் கவனிப்பதில்லை. ராணி வருமுன்பே மருத்துவரும் பணிப்பெண்ணும் உரைநடையில்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு இரவு கண்விழித்தும் ஒன்றும் காணவில்லை என்கிறார் மருத்துவர், வார்டில் டியூட்டி மாறும்போது பேசுவதுபோல். ஆகவே ராணிதான் காட்சியை உரைநடைக்கு இழுத்தாள் என்பதும் தவறு. அவள் போனபின் "நேராகப் படுக்கைக்குத்தான் போவாளா?" "ஆமாம்" என்று இரண்டு வார்த்தை. அதற்கு அடுத்த மூச்சில் மருத்துவர் செய்யுளுக்கு ஏறுகிறார்: ஊரெங்கும் கெட்ட முணுமுணுப்பு, நோயுற்ற மனம் செவிட்டுத் தலையணையிடம் ரகசியத்தைக் கொட்டும் என்கிறார். அதே மனிதர், அதே வேலை, எதிரே அதே பணிப்பெண். பதவி உயரவில்லை. கேட்டுவிட்டதன் பாரம் நெஞ்சில் இறங்கியிருக்கிறது. அவ்வளவுதான் மாற்றம்.

கடைசியாக, அச்சைப் பார்த்து ஏமாறும் தவறு. அலைபேசியில் வாசித்தால் திரையின் அகலத்துக்கு வரி உடையும், உரைநடைகூடச் செய்யுள்போல் தெரியும். நல்ல அச்சுப் பதிப்பில் செய்யுளின் ஒவ்வொரு வரியும் பெரிய எழுத்தில் தொடங்கும், வலது ஓரம் ஒழுங்கில்லாமல் நிற்கும். ஒரே வரியை இருவர் பங்குபோட்டுக்கொள்ளும்போது இரண்டாமவரின் சொல் உள்ளே தள்ளி அச்சாகும். குட்டையாக இருப்பதால் அதை உரைநடை என்று குறித்துவிடுகிறார்கள். மருத்துவர் "நினைக்கிறேன், சொல்லத் துணியவில்லை" என்று பாதி வரியில் நிறுத்துகிறார். மீதிப் பாதியை, "நல்லிரவு, நல்ல மருத்துவரே" என்று பணிப்பெண் நிறைவு செய்கிறாள்.