குழம்பு மீனைக் கழுவிக் கொடுத்தால் காரம் போகாது

பாம்பனில் என் தங்கச்சி மகளுக்கு எட்டு மாதம் இருக்கும்போது நடந்தது. அம்மா குழம்பிலிருந்து ஒரு விளமீன் துண்டை எடுத்து, தண்ணீரில் இரண்டு தரம் அலசி, முள் பார்த்து ஊட்டினார். நாலாவது வாய்க்குள் பிள்ளை வீறிட்டு அழுதாள். வாயைச் சுற்றிச் சிவந்துவிட்டது. "கழுவித்தானே கொடுத்தேன்?" என்று அம்மாவுக்கு ஒரே குழப்பம்.

கழுவினால் மேலே ஒட்டிய மசாலா போகும். மிளகாயின் காரம் எண்ணெயில் கரைவது, தண்ணீருக்கு அசையாது. உள்ளே ஊறிய உப்பும் போகாது. ஒரு வயதுவரை பிள்ளைக்கு உப்பே சேர்க்க வேண்டாம். அழுதவளுக்குத் தண்ணீர் புகட்டியும் பலனில்லை. தாய்ப்பால் குடித்த பிறகுதான் அடங்கினாள்.

இப்போது எங்கள் வீட்டில் குழம்பு கூட்டும் முன்பே பிள்ளையின் பங்கை எடுத்துவிடுகிறோம். ஒரு மீன் துண்டு, ஒரு பல் பூண்டு, சிட்டிகை மஞ்சள், கொஞ்சம் தண்ணீர்; தனிச் சட்டியில் வேகவைத்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து, சோற்றோடு மசித்தால் போதும். பூண்டு விரலில் நசுங்குமளவு வெந்திருக்க வேண்டும். பச்சைப் பூண்டு வாயையும் வயிற்றையும் எரிக்கும்.

ஆனால் இவை எல்லாவற்றையும் முதல் நாளே போட்டுவிடக் கூடாது. பழகிய பருப்புச் சோற்றில் முதலில் மஞ்சள், இரண்டு மூன்று நாள் கழித்து வறுத்துப் பொடித்த சீரகம், அப்புறம் பூண்டு. புது மீனைத் தரும் நாளில் புது மசாலா வேண்டாம். தடிப்பு வந்தால் எதனால் என்று தெரியாமல் போகும். காரம் பட்ட இடம் மட்டும் சிவந்தால் சற்று நேரத்தில் தணியும். உடம்பில் வேறு இடத்தில் தடிப்போ, உதடு வீக்கமோ, தொடர் வாந்தியோ, மூச்சிரைப்போ வந்தால் உடனே ஆஸ்பத்திரிதான்.

மஞ்சளில் ஒரு சூட்சுமம் உண்டு. மில்லில் மிளகாய் அரைத்த கையோடு நம் மஞ்சளை அரைத்தால் அதிலும் காரம் ஏறிவிடும். துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். சுருக்கென்றால் அது பெரியவர்கள் குழம்புக்கு.

மிளகாய்க்கு அவசரமே இல்லை. ஒரு வயதுக்கு மேல், பருப்பு வெந்ததும் ஒரு முழு முண்டு மிளகாயைப் போட்டு, இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடலாம். வாசனை இறங்கும், காரம் அவ்வளவாக இறங்காது. காம்போடு, கீறல் விழாத காயாகப் பார்த்துப் போடுங்கள். வெடித்த காய் பருப்பு முழுவதையும் காரமாக்கிவிடும். மிளகாய் கிள்ளிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பிள்ளை முகத்தைத் துடைத்து, கண் எரிச்சலில் ராத்திரி முழுக்க விழித்த கதையும் எங்களிடம் இருக்கிறது. அது நான் செய்தது.