பிரசவ விடுப்புக்கு முன் ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள்

தனியார் கம்பெனிகளில் அடிக்கடி நடப்பது இது. ஏழாம் மாதம் நெருங்கும்போது ஹெச்.ஆர். கூப்பிட்டு, "இப்போதைக்கு ராஜினாமா கொடுத்துடுங்கம்மா, குழந்தை பிறந்ததும் திரும்ப எடுத்துக்கிறோம்" என்று கனிவாகவே சொல்வார். நம்பிக் கையெழுத்துப் போடுவதுதான் பெரிய தவறு. மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலையை விட்டு நீக்கச் சட்டம் தடை விதிக்கிறது. ஆனால் ராஜினாமா கடிதம் இருந்தால் அவராகவே போய்விட்டதாக ஆகிவிடும்.

அதற்குப் பதில் கொடுக்க வேண்டியது விடுப்புக் கடிதம். பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாட்கள் வேலை பார்த்திருந்தால் போதும், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. அதில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம்தான் எடுக்கலாம். என்றைக்கு விடுப்பு தொடங்குகிறது, பணத்தை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு பின்னால் உதவாது. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்குப் பணம் தருவது இ.எஸ்.ஐ. என்பதால், விண்ணப்பம் அங்கே போக வேண்டும்.

அடுத்தது கணக்கு. நாள் கூலி 900 ரூபாய் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 26 வாரம் என்றால் 182 நாள், அதாவது 1,63,800 ரூபாய். ஞாயிற்றுக்கிழமைக்குக் கூலி கிடையாது என்று சொல்லி 156 நாளுக்கு மட்டும் கணக்குப் போட்டால் 1,40,400 ரூபாய்தான் வரும்; 23,400 ரூபாய் கைநழுவும். ஒரு தோட்டத் தொழிலாளிக்காக இதே கேள்வி கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. வாரம் என்றால் ஞாயிறும் சேர்ந்த ஏழு நாள்தான் என்று 1977-இல் தீர்ப்பு வந்தது. கொடுத்த தொகையை 182-ஆல் வகுத்துப் பாருங்கள், உங்கள் நாள் கூலிக்குக் குறைவாக வந்தால் எங்கோ வெட்டியிருக்கிறார்கள்.

கான்ட்ராக்ட் முடிந்துவிட்டால் பணமும் நின்றுவிடும் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுபவர்களும் உண்டு. டெல்லி அரசு மருத்துவமனையில் ஒப்பந்த மருத்துவர் ஒருவருக்கு, விடுப்பு தொடங்கிய சில நாட்களிலேயே ஒப்பந்தம் முடிந்தது. ஆனாலும் முழு 26 வாரத்துக்கும் பணம் தர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

திரும்பி வரும் நாளிலும் கவனம் தேவை. புது நியமனக் கடிதம் நீட்டினால் வாங்காதீர்கள். பழைய சேவை அறுந்து, பணிக்கொடைக்கான வருடக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். முறையான மகப்பேறு விடுப்போ 26 வாரம் வரை தொடர்ச்சியான பணியாகவே சேரும். "விடுப்பு முடிந்து பணியில் சேர்கிறேன்" என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். விடுப்பில் இருக்கும்போதே சம்பளத்தையோ பதவியையோ குறைத்து உத்தரவு வந்தாலும் அது சட்டப்படி செல்லாது. வேலைநீக்க உத்தரவு வந்தால், அது கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்ய வேண்டும். கைக்குழந்தையோடு இருக்கும்போது அந்த இரண்டு மாதம் ஓடிவிடும், ஆகவே உத்தரவு வந்த தேதியை அன்றைக்கே குறித்து வையுங்கள்.